பாதி இறக்கிய ஷட்டர்

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியாக வேண்டிய ஒரு காணொளியை வியாழக்கிழமையே நேரம் குறித்து ஏற்றி வைத்திருந்தேன். மதுரை விளக்குத்தூண் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்காக எடுத்தது, முப்பது நொடிதான் ஓடும். கடையின் மாடிப்படியில் ஆட்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு மேலே ஏறுவார்கள். அதன்மேல் மஞ்சள் எழுத்தில் ‘அலைமோதும் கூட்டம்! நீங்களும் முந்துங்கள்!’ என்று வரும். கடைசியில் ‘தீபாவளிக்கு இன்னும் 22 நாட்கள்’ என்று முடியும். சனிக்கிழமை இரவு கரூர் வேலுச்சாமிபுரத்தில், தமிழக வெற்றிக் கழகத்தின் பரப்புரைக் கூட்டத்தில் ஏற்பட்ட நெரிசலில் மக்கள் இறந்துகொண்டிருப்பதாகச் செய்தி வரத் தொடங்கியபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் கையை வைத்தபடியே, அந்தக் காணொளியின் முதல் சொல்தான் என் நினைவுக்கு வந்தது.

மதுரையில் ஐந்தாறு கடைகளின் சமூக ஊடகப் பக்கங்களைக் கவனித்துக்கொள்வது என் தொழில். பதிவுகளை ஒரு வாரத்துக்கு முன்பே எழுதி, படம் சேர்த்து, நாளும் நேரமும் குறித்து வைத்துவிடுவோம். பிறகு அவை தாமாகவே வெளியாகும். இந்த ஏற்பாட்டின் வசதி எதுவோ அதுதான் அதன் ஆபத்தும். ஊரில் இழவு விழுந்தது பெட்டிக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். நேரம் குறித்து வைத்த பதிவுக்கு அது தெரியாது.

அந்த இரவு நான் முதலில் செய்தது, எங்கெங்கே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியதுதான். இதைக் கணினியைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டும் என்பது பழக்கத்தில் கற்றது. கணினியைத் திறந்துவிட்டால் கண்ணில் படுவதை மட்டும் நிறுத்திவிட்டு, படாததை மறந்துவிடுவோம். ஜவுளிக்கடைக்கு மட்டும் ஐந்து இடங்கள் வந்தன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களை நடத்த உதவும் மெட்டா பிசினஸ் சூட்டில் நேரம் குறித்த பதிவுகள், ஆட்ஸ் மேனேஜரில் காசு கட்டி ஓடும் விளம்பரங்கள், யூடியூபில் ஞாயிறு மாலைக்கு வைத்த ஒரு காணொளி, குறுஞ்செய்தி அனுப்பித் தரும் முகவரிடம் சனிக்கிழமை மதியமே ஒப்படைத்திருந்த தீபாவளிச் செய்தி, கடைக் கைப்பேசியில் இருக்கும் வாட்ஸ்ஆப் பிசினஸ் தானாக அனுப்பும் வரவேற்பு வாசகம்.

இவற்றில் பலரும் தவறவிடுவது விளம்பரத்தை. நேரம் குறித்த பதிவை நிறுத்தினால் விளம்பரமும் நின்றுவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு குழாய்கள். ஒன்றை அடைத்தால் மற்றொன்றில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும். சொல்லப்போனால் விளம்பரம்தான் கூடுதல் கேடு செய்யும், ஏனென்றால் பதிவைப் பெரும்பாலும் நம்மைத் தொடர்பவர்கள் பார்க்கிறார்கள், விளம்பரத்தையோ நம்மை அறியாதவர்கள் பார்க்கிறார்கள். துயரச் செய்தியைத் தேடிக் கைப்பேசியை விடாமல் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவருடைய திரையில், இரண்டு மரணச் செய்திகளுக்கு நடுவே, ‘நீங்களும் முந்துங்கள்’ என்று போய் உட்காரும்.

பதிவுகளை நான் அழிக்கவில்லை, வேறு தேதிக்குத் தள்ளவும் இல்லை. எல்லாவற்றையும் வரைவுப் பகுதிக்கு நகர்த்தினேன். தேதியைத் தள்ளுவது எளிதாகத் தோன்றும், ஆனால் இரண்டு நாள் தள்ளி வைத்த பதிவு மூன்றாம் நாள் யாரும் மறுபடி படித்துப் பார்க்காமலே வெளியாகிவிடும். அன்று நிலைமை என்ன என்பது இன்று நமக்குத் தெரியாது. வரைவில் கிடப்பது, ஒரு மனிதர் மறுபடி திறந்து பார்த்து அனுப்பினால்தான் போகும். இன்னொரு காரணமும் உண்டு. தீபாவளிக் காலப் பதிவுகளில் ‘இன்னும் 22 நாட்கள்’, ‘இன்று மட்டும்’, ‘ஞாயிறு வரை’ போன்ற சொற்கள் உள்ளே புதைந்திருக்கும். அவற்றை அப்படியே நகர்த்தினால் கணக்கு தப்பிவிடும், தப்பியதை வாசகர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

குறுஞ்செய்தி முகவர் இரவில் கைப்பேசியை எடுக்கவில்லை. நல்லவேளையாக அவருடைய தளத்தில் எங்களுக்கு நுழைவுச்சொல் இருந்தது, நானே உள்ளே போய் ரத்து செய்தேன். நுழைவுச்சொல் இல்லாமல், ஒருவர் தூக்கத்திலிருந்து எழுவதை நம்பியிருக்கும் கடைகள்தான் அதிகம்.

வாட்ஸ்ஆப் வரவேற்பு வாசகம் சிறிய விஷயம், ஆனால் அதை யாரும் நினைப்பதே இல்லை. முதன்முறை எழுதுபவருக்கும், பதினான்கு நாட்களாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்து மறுபடி எழுதுபவருக்கும் அது தானாகப் போகும். எங்கள் கடையின் வாசகம் ‘வணக்கம்! கொண்டாட்டத்துக்கு ரெடியா?’ என்று தொடங்கி, நான்கு மத்தாப்புப் பொம்மைகளோடு முடிந்தது. கரூரிலிருந்தே ஒருவர் எழுதினாலும் அவருக்கு இதுதான் போகும். அதை ‘வணக்கம். உங்கள் செய்தி கிடைத்தது. கடை நேரத்தில் பதில் அனுப்புகிறோம்’ என்று மாற்றினேன். உண்மையில் எல்லா நாளும் இப்படியே இருந்திருக்கலாம்.

இரவு பதினோரு மணிக்குக் கடை முதலாளியை அழைத்தேன். அண்ணாச்சி விழித்துக்கொண்டுதான் இருந்தார், தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

“எல்லாத்தையும் நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி. விளம்பரத்தையும் சேத்து.”

“பதிவ நிப்பாட்டு, சரி. விளம்பரம் எதுக்குய்யா? நாளைக்கு ஞாயித்துக்கெழம. தீவாளிக்கு முன்னாடி எத்தன ஞாயிறு இருக்குன்னு எண்ணிப் பாத்தியா?”

“அந்த மாடிப்படி வீடியோதான் அண்ணாச்சி விளம்பரமா ஓடுது.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அய்யய்யோ, அதயா? நிப்பாட்டு, நிப்பாட்டு” என்றார்.

அவருடைய கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுப்பவர் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணத்தான் செய்வார். அவருக்கு இருந்த இன்னொரு பயம், விளம்பரத்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்குமோ என்பது. அந்தப் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மெட்டாவில் ஒரு விளம்பரத் தொகுப்பு, யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்பதை முதலில் சில நாட்கள் கற்றுக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் செலவு கூடுதலாகவும் பலன் நிலையில்லாமலும் இருக்கும். ஏழு நாட்களோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி தொடங்கினால்தான் அந்தக் கற்றல் மீண்டும் ஆரம்பிக்கிறது. மூன்று நான்கு நாட்கள் நிறுத்துவதால் அது கெடுவதில்லை. ஆனால் நிறுத்துவதற்குப் பதிலாக, அவசரத்தில் விளம்பரத்தின் படத்தையோ வாசகத்தையோ திருத்தினால், அந்தத் திருத்தமே கற்றலைத் திரும்பத் தொடங்கவைத்துவிடும். ஆகவே இரவோடு இரவாகத் திருத்த உட்காராமல், பொத்தானை அணைத்துவிட்டுத் தூங்கப் போவதுதான் மரியாதைக்கும் நல்லது, காசுக்கும் நல்லது.

அப்படி நிம்மதியாகத் தூங்கிய எனக்குக் காலை ஏழு மணிக்கு ஓர் அடி விழுந்தது. அதே மாடிப்படிக் காணொளியின் சுருங்கிய வடிவம் ஒன்று இன்ஸ்டாகிராமில் விளம்பரமாக ஓடிக்கொண்டிருப்பதை என் தங்கை தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு அழைத்தாள். அண்ணாச்சியின் அக்கா மகன், ஆர்வமுள்ள பையன், இரண்டு நாள் முன்பு தன் கைப்பேசியிலிருந்தே அந்தப் பதிவைக் காசு கட்டித் தூக்கிவிட்டிருக்கிறான். அதற்கான பணம் அவனுடைய சொந்தக் கணக்கிலிருந்து போயிருந்ததால், நான் பார்க்கும் ஆட்ஸ் மேனேஜர் கணக்கில் அது தெரியவில்லை. மற்றவற்றை நாங்கள் நிறுத்திய பிறகும் அது இரவு முழுக்க ஓடியிருந்தது. அதன் கீழே மூன்று கருத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று ‘உங்களுக்கெல்லாம் மனசே இல்லையா’ என்பது. அந்தப் பையனை எழுப்பி, அவன் கையாலேயே நிறுத்தவைத்தோம். கருத்து எழுதியவருக்கு ‘தவறு எங்களுடையது. நிறுத்திவிட்டோம். மன்னிக்கவும்’ என்று மட்டும் பதில் எழுதினேன். இயந்திரத்தின் மேல் பழி போடும் விளக்கம் எதையும் சேர்க்கவில்லை. தானாக ஓடிவிட்டது என்று சொன்னால், ஓடவிட்டது யார் என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

அன்றிலிருந்து என் தாளில் ஆறாவது இடம் ஒன்று சேர்ந்திருக்கிறது: கடையில் வேறு யார் யார் கைப்பேசியில் இந்தப் பக்கத்தின் சாவி இருக்கிறது என்பது.

அடுத்த கேள்வி, கடை இரங்கல் தெரிவிக்க வேண்டுமா என்பது. என் கருத்தில் பெரும்பாலான கடைகள் பேசாமல் இருப்பதுதான் சரி. நிறுத்துவது ஒரு கடமை; பேசுவது ஓர் உறவு. எங்கள் பக்கத்தில் துட்டிக்குப் போவது என்று ஒன்று உண்டு. இறந்தவர் நமக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தமாகவோ பழக்கமாகவோ இருந்தால் போவோம். இல்லையென்றால் தெருவில் நின்று தலைகுனிந்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். யார் வீட்டுத் துட்டிக்கும் போய் முன்வரிசையில் உட்காருகிறவரை ஊர் வேறு மாதிரிதான் பேசும். நான் கவனிக்கும் இனிப்புக்கடைக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. அதன் பக்கம் நான்கு நாள் அமைதியாக இருந்தது, யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஜவுளிக்கடையின் கதை வேறு. போர்வை, துண்டு, திரைச்சீலை எல்லாம் கரூரில் நெய்யப்பட்டு வருபவை. அண்ணாச்சி மாதம் ஒருமுறை நேரில் போய்க் கொள்முதல் செய்கிறவர், அங்கே அவருக்குப் பெயர் சொல்லி அழைக்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால்தான் தவறு.

அக்கா மகன், காலையில் நடந்ததற்குப் பரிகாரமாக, பத்து மணிக்குள் ஒரு படத்தைத் தயார்செய்து அனுப்பிவிட்டான். கறுப்புப் பின்னணி, எரியும் மெழுகுவர்த்தி, ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு தலைப்பு, கரூர்க் கூட்ட நெரிசலில் பலியான இத்தனை பேர் என்று ஓர் எண், அதன் கீழே கடையின் சின்னம், ‘மதுரையின் நம்பர் 1 ஜவுளிக் கடல்’ என்ற வாசகம், இரண்டு தொலைபேசி எண்கள். மதுரைக்காரர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. நம் சுவர்களில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் இறந்தவரைவிட ஒட்டியவரின் படம் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். ஆனால் சுவரில் பொறுத்துக்கொள்வதைக் கையில் இருக்கும் திரையில் பொறுத்துக்கொள்வதில்லை.

அதை ஒவ்வொன்றாகக் கழித்தோம். முதலில் எண் போனது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஓர் எண், நள்ளிரவுக்குப் பின் ஓர் எண், ஞாயிறு காலை இன்னோர் எண் என்று செய்திகள் மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் அது 41 என்று ஆனது. நாம் போட்ட எண் ஒரு மணி நேரத்தில் பழையதாகிவிடும், அப்போது நம் பதிவு இறந்தவர்களில் சிலரைக் கணக்கில் விட்டதாகிவிடும். அடுத்து, கட்சிப் பெயரும் ‘நெரிசல்’, ‘பலி’ என்ற சொற்களும் போயின. யார் மேல் தவறு என்று ஊரே பிரிந்து நின்று பேசிக்கொண்டிருந்த நேரம் அது. காரணத்தைக் குறிக்கும் எந்தச் சொல்லும் ஒரு பக்கம் சாய்ந்ததாகப் படிக்கப்படும், அந்தச் சண்டை ஜவுளிக்கடையின் வாசலில் நடக்கும். பிறகு மெழுகுவர்த்தி, வாசகம், தொலைபேசி எண்கள், சின்னம். பதிவு கடையின் பக்கத்திலிருந்து வருவதால் பெயர் மேலே தானாகவே இருக்கிறது; சின்னத்தை மறுபடி ஒட்டினால் அது விளம்பரமாகிவிடும். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் எழுந்து வருவோமே, இரங்கல் பதிவும் அப்படித்தான் முடிய வேண்டும். ‘எங்களைப் பின்தொடருங்கள்’ என்று அழைப்பதற்கு அதில் இடமில்லை.

மிஞ்சியது, வெறும் பின்னணியில் இரண்டு வாக்கியங்கள்: ‘கரூரில் தம் உறவுகளை இழந்து நிற்கும் குடும்பங்களின் துயரத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். காயமடைந்தவர்கள் விரைவில் நலமடைய வேண்டுகிறோம்.’ அண்ணாச்சி படித்துப் பார்த்துவிட்டு, “இது போதும்” என்றார். கருத்துப் பகுதியை மூடி வைத்தே வெளியிட்டோம். அப்படிச் செய்யாத வேறொரு கடையின் பதிவில் மதியத்துக்குள் இரண்டு அணிகள் மோதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

நிறுத்தாமல் விட்டவையும் உண்டு. பணம் கட்டிவிட்டுப் பட்டுப்புடவைக்காகக் காத்திருந்த ஒரு கல்யாண வீட்டாருக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் பதில் போனது. கடை திறந்திருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு நேரம் சொன்னோம். கேட்டவருக்குப் பதில் சொல்வதும், கேட்காதவரைக் கூவி அழைப்பதும் ஒன்றல்ல. பாதி இறக்கிய ஷட்டருக்குள்ளே குனிந்து வருகிறவருக்குக் கடைக்காரர் சாமான் கொடுக்கத்தான் செய்கிறார்.

எத்தனை நாள் என்பதில்தான் நான் இன்னும் தடுமாறுகிறேன். அரசு அறிவிக்கும் துக்கமென்றால் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது. 2024 டிசம்பர் 26 இரவு மன்மோகன் சிங் மறைந்தபோது, ஜனவரி 1 வரை ஏழு நாள் தேசிய துக்கம் அறிவிக்கப்பட்டது. தேசியக் கொடி அரைக் கம்பத்தில் பறக்கும், அரசு சார்பில் கேளிக்கை நிகழ்ச்சிகள் நடக்காது என்பதுதான் அதன் பொருள். கடைகளை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் புத்தாண்டு வாழ்த்துகளும் தள்ளுபடிகளும் வரிசையில் நின்ற வாரம் அது. அப்போது நான் எல்லாவற்றையும் நிறுத்தவில்லை. முதல் நாள் முழு அமைதி, அதன்பின் கொண்டாட்டத் தொனியை மட்டும் எடுத்துவிட்டுத் தகவலை ஓடவிட்டேன். ஏழு நாளும் வாயை மூடிக்கொள்வது கட்டுப்படியாகாது என்பதை 2018 ஆகஸ்ட் எனக்குக் காட்டியிருந்தது. 7ஆம் தேதி கலைஞர் மறைவுக்கு ஏழு நாள், 16ஆம் தேதி வாஜ்பாய் மறைவுக்கு ஏழு நாள். நடுவில் சுதந்திர தினம். முழு அமைதிதான் விதி என்றால் அந்த மாதத்தின் பாதி போயிருக்கும்.

விபத்துகள் வேறு வகை. அவற்றில் நாள் கணக்கைவிடச் சொல் கணக்குதான் முக்கியம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் ஒன்பது பேர் இறந்தார்கள்; விதியை மீறிப் பெட்டிக்குள் எடுத்துவந்த சமையல் எரிவாயு உருளைதான் காரணம் என்று ரயில்வே அறிவித்தது. அன்று காலை பதினொரு மணிக்கு நான் கவனித்துவந்த ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் பதிவு வரிசையில் இருந்தது: நீலச் சுடரோடு ஒரு கேஸ் அடுப்பு, ‘தீயாய்ப் பறக்கும் விற்பனை’. அதைத் தடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அடுப்பு வந்தது, சுடரும் அந்தச் சொல்லும் வரவில்லை. விற்பனைத் தமிழில் தீ, வெடி, அதிரடி, அலைமோதல் எல்லாம் சாதாரணமாகப் புழங்குகின்றன. ஒரு சம்பவம் நடந்த பிறகுதான் அந்தச் சொற்களுக்கு உள்ளே இருக்கும் பழைய பொருள் எழுந்து உட்காருகிறது.

கரூருக்குப் பின் நாங்கள் திரும்பியது படிப்படியாகத்தான். திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமை, மறுநாள் ஆயுத பூஜை அன்று கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற ஒரே தகவல், படமில்லாமல். அதை முதலில் அனுப்பியதற்கு ஒரு காரணம், அது கதவை மெல்லத் திறந்து பார்ப்பது போல. முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். கோபக் குறியோ சிரிப்புக் குறியோ விழுந்தால், அல்லது கேள்விக்கு பதிலாகக் கரூர் பற்றிய வார்த்தை வந்தால், இன்னும் நேரமாகவில்லை என்று பொருள். அன்று வந்த கருத்துகள் இரண்டும் வேட்டி விலை கேட்டவை. புதன்கிழமை, அக்டோபர் 1, விளம்பரங்களில் இரண்டை மறுபடி தொடங்கினோம். மூன்றாவதான மாடிப்படியைத் தொடவில்லை. நாள் எண்ணும் பதிவுகளை ‘இன்னும் 19 நாட்கள்’ என்று திருத்தி எழுதினேன்.

வரைவில் கிடந்த பதிவுகள் எல்லாவற்றையும் ஒருமுறை உட்கார்ந்து படித்ததில், பதினொன்றில் நான்கில் ஏதோ ஒரு வடிவத்தில் கூட்டம் இருந்தது. ‘முதலில் வருபவருக்கே’, ‘இடம் பிடிக்க முந்துங்கள்’, ‘கால் வைக்க இடமில்லை’. அந்த வருட தீபாவளி முடியும் வரை அவற்றை எடுக்கவே இல்லை. அதற்குப் பதிலாகக் கடை திறந்து அரை மணி நேரத்தில், ஆள் இல்லாத வேளையில், துணி விரிக்கும் மேசையில் ஒரு ஊழியர் சேலை மடிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுவதை எடுத்தோம். ‘காலை 9 முதல் 11 வரை வந்தால் நிதானமாகப் பார்க்கலாம்’ என்று எழுதினோம். உண்மையிலேயே அந்த நேரத்தில் வருகிறவர்கள் கூடினார்கள். அண்ணாச்சிக்கு அது பிடித்திருந்தது, மாடிப்படி நெருக்கடியும் சற்றுக் குறைந்தது.

பொங்கலுக்கு முன் அக்கா மகன் மாடிப்படிக் காணொளியைப் பற்றிக் கேட்டான். நல்ல எடுப்பு, வீணாகப் போகிறதே என்றான். அண்ணாச்சியிடம் கேட்கச் சொன்னேன். அவர் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், “அது கெடக்கட்டும்டா” என்றார்.